ஆறாவது பாதையில் ஒரு குடம்

பம்பாயில் வரிசைக்கு ஆள் நிற்க வேண்டியதில்லை, குடம் நின்றால் போதும். தாராவிக் குழாயடியில் குடத்துக்கு இருக்கிற மரியாதை கவுன்சிலருக்குக் கிடையாது. அதை நகர்த்தினவள் அந்தத் தெருவில் குடியிருக்க முடியாது.

சொர்ணம்மாள் இந்தச் சட்டத்தில் பழுத்தவள். அறுபத்தாறாம் வருஷம் டிசம்பரில் அண்ணன் மகள் இசக்கியை மாட்டுங்கா மைதானத்துக்கு ஓடவைக்கக் கூட்டிப்போனபோது, குடிக்கத் தண்ணீர் நிறைத்த பித்தளைக் குடமும் இடுப்பில் கூடவே போயிற்று.

இசக்கி நாங்குநேரிப் பக்கத்துக் கிராமத்துப் பெண். தாராவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூட விளையாட்டில் எல்லாரையும் முந்திவிட்டாள் என்று வாத்தியார் ஜில்லாத் தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டார். நானூறு மீட்டரில் முதல் இரண்டு பேர் பூனாவில் மாநிலப் போட்டிக்குப் போகலாம். "நான் பூனா போறேன்" என்று இசக்கி தெரு முழுக்கச் சொல்லியாயிற்று. மைதானத்தைக் கண்டதும் கொட்டாவிமேல் கொட்டாவி.

"ஏட்டி, ஓட வந்த இடத்துல தூங்கவா போற?"

"தூக்கம் இல்ல யத்தே. வாய் தானா தொறக்கு."

"வந்ததுலேருந்து ஒண்ணுக்குப் போயிக்கிட்டே இருக்க. இன்னும் உள்ள என்னதான் இருக்கு?"

"பயந்தான்."

சீட்டு எடுத்ததில் இசக்கிக்கு முதல் பாதை விழுந்தது. முதல் என்றதும் அத்தைக்கு உச்சி குளிர்ந்தது. ஆனால் புல்லில் சுண்ணாம்பு போட்ட பாதைகளைப் பார்த்தால் அநியாயம்! உட்புறம் இருக்கிற முதல் பாதைக்காரி எல்லாருக்கும் பின்னால். இரண்டாவது அதற்குக் கொஞ்சம் முன்னால். இப்படியே வளைவில் படிப்படியாக ஏறி, ஆறாவது பாதைக்காரி எங்கோ தூரத்தில் நின்றாள்.

சொர்ணம்மாள் நேரே போய் ஆறாவது கோட்டின்மேல் குடத்தை வைத்தாள்.

போட்டி அதிகாரி அனந்தநாராயணன் ஓடிவந்தார். "என்னம்மா இது? கொழாயடியா? எடுங்கோ!"

"எங்க பிள்ளதான் விடியமுன்ன வந்தா. பிந்தி வந்தவ முந்தி நிப்பாளோ?"

"உள்வட்டம் சின்னது, வெளிவட்டம் பெரிசும்மா. முடியற கோடு எல்லாருக்கும் ஒண்ணு. பெரிய வட்டம் ஓடறவா அந்த அளவு முன்னாடி நின்னாத்தான் தூரம் சமமாகும்."

"அப்ப அந்தப் பெரிய வட்டத்தையே எம்பிள்ளைக்குக் குடுங்க. அவ ஓடுவா."

அனந்தநாராயணன் குடத்தைத் தாமே தூக்கி வெளியே வைத்தார்.

கணக்கு இசக்கியின் தலைக்குப் புரிந்தது. கால்களுக்குப் புரியவில்லை. முன்னால் ஐந்து முதுகுகள் தெரிகிறபோது எந்தக் கால் கணக்குக் கேட்கும்? குனிந்து விரல்களைக் கோட்டுக்குப் பின்னால் ஊன்றினாள். "செட்" என்றதும் இடுப்பைத் தூக்கினாள். துப்பாக்கி வெடிக்குமுன்னே பாய்ந்துவிட்டாள்.

எல்லாரையும் முதல் பாதைக் கோட்டருகே திரும்பக் கூப்பிட்டார்கள். எச்சரிக்கை. இன்னொரு முறை முந்தினால் வெளியே. பூனாப் பயணம் தாதர் ஸ்டேஷனோடு நின்றுவிடும்.

ஆறாவது பாதைக்காரியும் முனகிக்கொண்டே திரும்பி வந்தாள். செம்பூரில் பட்டறை வைத்திருக்கிற ஜெயினுலாப்தீனின் மகள் நூர் நிஷா.

"என்னளா, என்னையே மொறைக்கிறே?"

"நீ ரொம்ப முன்னால நிக்கே."

"நின்னு என்ன? எனக்கு ஒருத்தியும் கண்ணுல பட மாட்டா. எவ எங்க வர்றான்னு தெரியாம பேய் துரத்தின மாதிரி ஓடணும். ஒனக்கென்ன, எல்லாரையும் பாத்துக்கிட்டே வரலாம். நேத்துலேருந்து எனக்குச் சோறு எறங்கலை தெரியுமா?"

இசக்கிக்கு அடுத்த கொட்டாவி வரவில்லை. முன்னால் நிற்கிறவளுக்குச் சோறு இறங்கவில்லையாம்! பேய்க்கே இப்போதுதான் தான் பேய் என்று தெரிந்தது.

இந்த முறை வெடிச்சத்தம் காதில் முழுசாக விழுந்த பிறகே புறப்பட்டாள். கடைசியாகத்தான் கிளம்பினாள். நூறு மீட்டரில் அது சாவு. நானூறில் சில்லறை நஷ்டம். முதல் வளைவில் முதுகுகள் கொஞ்சம் கிட்டே வந்தன. எதிர்ப்பக்க நேர்பாதையில் கால் துடித்தது. அடக்கிக்கொண்டாள். காலிக் குடத்தோடு குழாய்க்குப் பறக்கிறவள் நிறைகுடத்தோடு திரும்புகையில் நாக்குத் தள்ளுவாள் என்பது தினமும் காலையில் படிக்கிற பாடம். நானூறு மீட்டரும் அப்படித்தான்: முதல் பாதி காலிக் குடம், மறுபாதி நிறைகுடம்.

இரண்டாவது வளைவு முடிகிற இடத்தில்தான் பாதைகளின் ஏற்றத்தாழ்வெல்லாம் கழிந்து உண்மை தெரியும். தெரிந்தது: நூர் நிஷா இரண்டெட்டு முன்னால், இசக்கி மூன்றாவது. ஆரம்பத்தில் பறந்து இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்த நான்காவது பாதைக்காரிக்கு இப்போது தொடை கல்லாகி, தலை பின்னால் சாய்ந்தது. இசக்கிக்கும் கல்தான். ஆனால் கையை விடாமல் வீசினாள். கை போனால் கால் வந்தாக வேண்டுமே. முடிவுக் கயிற்றருகே நெஞ்சை முன்னால் எறிந்து அவளை முந்தினாள்.

நூர் நிஷா முதல். இசக்கி இரண்டாவது. பூனா நிச்சயம்.

இசக்கி ஓரமாக ஓடிப்போய் வாந்தியெடுத்தாள். நூர் நிஷா புல்லில் மல்லாந்தபடி, "எப்பளா வந்தே?" என்றாள்.

சொர்ணம்மாள் குடத்தோடு வந்து அனந்தநாராயணனிடம் சொன்னாள்: "பாத்தீயளா? கொடத்த எடுக்காம இருந்தா இவதான் முதல்."

ஆனாலும் சட்டம் சட்டம்தான். அண்ணன் மகள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, முதலில் வந்தவளுக்கு முதலில் ஊற்றினாள்.