மஞ்சளில் இருந்தால் நிம்மதி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருக்கும் தொடக்கப் பள்ளியில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் மூன்று பாய்கள் விரித்திருக்கும். எழுத்து பிடிபடாத பிள்ளைகளுக்கு அரும்புப் பாய், எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு மொட்டு, சரளமாகப் படிப்பவர்களுக்கு மலர். அவரவர் நிலைக்கு ஏற்பப் பாடம் நடத்தத்தான் இந்தப் பிரிவு. நல்ல ஏற்பாடுதான், நான் குறை சொல்ல மாட்டேன். அதை எண்ணிப் பட்டியல் போட ஆரம்பித்த பிறகுதான் சனியன் பிடித்தது.

ஒவ்வொரு பருவ முடிவிலும் எந்தப் பிள்ளை எந்த நிலை என்று நான் செல்போன் செயலியில் ஏற்ற வேண்டும். தலைமை ஆசிரியை அதைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாம் வரிசையாக வாட்ஸ்அப் குழுவில் வந்து விழும். மலர்ப் பிள்ளைகள் அதிகமுள்ள பள்ளி பச்சை, குறைந்த பள்ளி சிவப்பு, நடுவில் இருப்பவை மஞ்சள்.

முதல் பருவத்தில் எங்கள் பள்ளி பச்சையில் முதலிடம் வந்தது. அட, சந்தோஷப்பட்டுத் தொலைத்தோமே! மறுவாரமே வெற்றியின் ரகசியத்தைப் படம் பிடிக்க ஒரு குழு வந்தது. அடுத்து, பார்த்துக் கற்றுக்கொள்ள வேப்பூர்ப் பக்கத்திலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள். அவர்கள் கற்றுக்கொண்டார்களா என்று பார்க்க இன்னொருவர் வந்தார். வந்தவர்களுக்கெல்லாம் என் பிள்ளைகள் அதே யானைப் பாட்டைப் பாடி, அதே காகிதக் கிரீடத்தை மாட்டிக்கொண்டு ஆடினார்கள். பாடம் எங்கே நடந்தது? கிரீடம் கிழிந்ததுதான் மிச்சம். சிவப்பில் கடைசியாக வந்த பள்ளிக்கும் இதே கூத்து. அங்கே போனவர்கள் பாட்டுக் கேட்கவில்லை, எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள்.

எங்கள் தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. முட்டிவலியோடு ஒவ்வொரு விருந்தாளிக்கும் டீ வாங்கி வரச் சொல்லி ஓய்ந்துபோனார். ஒருநாள் பட்டியலை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"மொதல்ல வந்தாலும் வராங்க, கடைசியில வந்தாலும் வராங்க. நடுவுல இருக்கறவங்களப் பாத்தீங்களா டீச்சர்? ஒரு ஈ, காக்கா எட்டிப் பாக்கல. அடுத்த பருவம் நாம மஞ்சளுக்குப் போயிடணும்."

"அதுக்கு என்னங்க மேடம் பண்றது? படிக்கிற புள்ளைய படிக்காதேன்னா சொல்றது?"

"படிக்கட்டும். ஏத்தாதீங்க."

என் வகுப்பில் ஒரு சிறுமி. அவள் அம்மா பேட்டையில் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதுகிறாள், படிக்கத் தெரியாது. அவள் அத்தா என்று கூப்பிடும் அப்பா குவைத்தில் இருக்கிறார். அவர் போனில் அனுப்பும் செய்தியை வீட்டில் படிக்க ஆளில்லை என்று இந்தப் பிள்ளையே முட்டி மோதிப் படித்துப் படித்து, அரைப் பருவத்துக்குள் சரளமாகிவிட்டாள். கடைப் பலகை, பஸ் பலகை, பிஸ்கட் உறை ஒன்றையும் விடமாட்டாள். ஒரே நச்சரிப்பு.

"டீச்சர், என்னை எப்ப மலர்ல போடுவீங்க? ஞாயித்துக்கெழம அத்தா போன் பண்ணுவாங்க. மலர் ஆயிட்டேன்னு சொல்லணும்."

எனக்கு அவளை நினைத்தாலே பெருமையாக இருந்தது. மலர் என்றுதான் ஏற்றினேன். தலைமை ஆசிரியை அதை அரும்பு என்று திருத்திவிட்டே ஒப்புதல் தந்தார். சண்டை போட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது, ஊருக்கே தெரியும். "இந்த வருஷம் முடியற வரைக்கும் பொறுத்துக்கங்க டீச்சர், இவ ஒருத்தி ஏறுனாக்கூட நாம பச்சைக்குப் போயிடுவோம்" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

கடைசியில் ஒரு கேவலமான சமரசம். பெண் மலர்ப் பாயில் உட்காரலாம். ஆய்வு என்று தெரிந்தால் மட்டும் அரும்புப் பாய்க்கு ஓடி வந்துவிட வேண்டும். அவளுக்கு அது ஒரு விளையாட்டு. பையை வாரிக்கொண்டு சிரித்தபடி ஓடி வருவாள்.

இரண்டாம் பருவப் பட்டியல் வந்தது. அடக் கடவுளே! கிட்டத்தட்ட வட்டாரம் முழுக்க மஞ்சள். எங்கள் தலைமை ஆசிரியைக்குத் தோன்றிய யோசனை எல்லாத் தலைமை ஆசிரியர்களுக்கும் தோன்றியிருக்கிறது! பொங்கலுக்கு வெள்ளையடித்ததுபோல ஒரே நிறம். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் சும்மா விடுவார்களா? 'முன்னேற்றம் ஏன் தேங்கியது' என்று ஒரு பள்ளி விடாமல் ஆய்வுக்கு உத்தரவு போட்டார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஆசிரியர்கள் மட்டும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது: 'வெள்ளை ஜீப்பு ஜங்ஷன் தாண்டிடுச்சு.' நான் கண்ணைக் காட்டினேன், பெண் அரும்புக்கு ஓடினாள்.

தலைமை ஆசிரியையோடு வகுப்புக்குள் வந்த அதிகாரி பாவம், வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். அன்று மாலைக்குள் அவர் இன்னும் பல பள்ளிகள் பார்த்தாக வேண்டும். எங்கே நிற்கிறார் என்பதைச் செயலி கண்டுபிடித்துவிடும், அதனால் பள்ளிக்குள் வராமல் அறிக்கை அனுப்ப முடியாது. ஆனால் என்ன பார்த்தார் என்பதைச் செயலியால் கண்டுபிடிக்க முடியாதே. அவர் பதில்களை வழியிலேயே தட்டி முடித்துவிட்டு வந்திருந்தார். அரும்புப் பாயில் ஒரு பிள்ளையைச் சோதிக்க வேண்டும் என்று செயலி கேட்டிருந்தது. பட்டியலில் இருந்து அது தானாகவே ஒரு பேரை எடுத்திருந்தது. இவள் பேர்.

அவள் பக்கத்தில் போய்க் குனிந்து உட்கார்ந்தார். கேள்வி எதுவும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு அனுப்பும் பொத்தானைத் தேடினார். போன் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. எழுத்தைப் பார்த்தால் அந்த வாய் நிற்குமா?

"மாணவி எழுத்துகளை அடையாளம் காணவில்லை. சொற்களை வாசிக்க இயலவில்லை" என்று கணீரென்று படித்தாள். ஒரு இடம் தடுக்கவில்லை.

"இது யாரு சார்?" என்றாள்.

அதிகாரி அவளைப் பார்த்தார், போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு அடக்க முடியவில்லை.

"அவளுக்குப் படிக்கத் தெரியும் சார். மலருக்கு மாத்திடுங்க" என்றேன்.

"மாத்தலாம்தான் டீச்சர்" என்று தலைமை ஆசிரியையின் முகத்தைப் பார்த்துக்கொண்டே இழுத்தார். "அரும்புப் புள்ள சரளமா படிக்குதுன்னு போட்டா முரண்பாடுன்னு காட்டும். நீங்க தப்பா ஏத்துனதுக்கு விளக்கம் எழுதணும், நான் மறுபடி வந்து பாக்கணும். ரெண்டு பேருக்கும் எதுக்குங்க வம்பு?"

பொத்தானை அழுத்திவிட்டார். திரையில் பச்சையாக ஒரு வரி வந்தது. அதையும் அவள் விடவில்லை.

"வெற்றிகரமாகப் பதிவேற்றப்பட்டது."

நான்காம் வகுப்பிலேயே பாதிப் பிள்ளைகள் அந்தச் சொல்லில் நாக்கு சுளுக்கிக்கொள்வார்கள். "சபாஷ்" என்று அவர் அவள் தலையைத் தட்டிவிட்டு ஜீப்புக்குப் போனார். அன்று மதியம் ஆசிரியர் அறையில் நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். தலைமை ஆசிரியைகூட முட்டியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தபோது அவள் அரும்புப் பாயில் உட்கார்ந்திருந்தாள். ஜீப்பு எதுவும் வரவில்லை.

"என்னடி இங்க உக்காந்திருக்க? மலருக்குப் போ."

"இல்ல டீச்சர். நான் அரும்புதான். அத்தாகிட்டயும் அப்படித்தான் சொல்லிட்டேன்."

"உன்ன யாருடி அப்படிச் சொன்னது?"

"போன்ல எழுதியிருந்துச்சே டீச்சர்" என்றாள். "நானே படிச்சேனே."