பாங்கிக்குக் கேட்ட சான்று

என் வீட்டுக் கூரை ஒழுகியது. பிரசவத்துக்குப் போன மனைவி, ஓடு போட்டால்தான் பிள்ளையோடு வருவேன் என்று தாய்வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். அடிவார ஊரின் கூட்டுறவுப் பாங்கியில் கடன் கேட்டேன். முதலாளியிடமிருந்து வேலைச் சான்று கொண்டுவரச் சொன்னார் செகரட்டரி.

என் முதலாளி அடிவாரத்து ராவுத்தர். கொல்லிமலை மேலே தேவனூர் நாடு என்கிற ஊரில் மிளகும் கடுக்காயும் வாங்கும் கடை வைத்திருந்தார். நான் அங்கே கணக்குப்பிள்ளை. அவரிருக்கப் பாங்கியில் கடன் கேட்டேன் என்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் காரணத்தை விழுங்கிவிட்டேன்.

"வேலைச் சான்று ஒண்ணு வேணுமுங்க."

தராசைக் கீழே வைத்தார். "யோசிச்சுத்தான் கேக்கறீங்களா தம்பி?"

"ஆமாங்க. ஊட்டுலயும் பிடிவாதமா இருக்கறா."

அவர் தராசை மறுபடி கையில் எடுத்துக்கொண்டார். மறுநாள் ஒட்டிய உறை ஒன்றும், புது வேட்டியும், ஒரு புட்டித் தேனும் கொடுத்தார். பிள்ளை பிறந்ததற்குச் சீர் என்று நினைத்துக்கொண்டேன். "போயிட்டு வாரேனுங்க" என்றேன். "நல்லா இருங்க" என்று உள்ளே போய்விட்டார். வழியனுப்பக்கூட வராத மனுஷன் என்று எரிச்சலோடு மலை இறங்கினேன்.

பாங்கியில் செகரட்டரி உறையைப் பிரித்து வாசித்தார். என் நாணயம், பொறுமை (எனக்கா பொறுமை!), எல்லாவற்றையும் வாயாரப் புகழ்ந்திருந்தார். கடைசியில், விருப்பப்பட்டு வேலையிலிருந்து விலகிப் போகிறார், சேர்த்துக்கொள்பவர்கள் பாக்கியசாலிகள் என்றிருந்தது.

"வேலையை விட்டவருக்கு எப்படிங்க கடன் தர்றது?" என்றார் செகரட்டரி. "என்ன வேலை, எப்ப இருந்து, என்ன சம்பளம், இப்பவும் வேலையில இருக்கீங்களா, அது போதும். கடை முத்திரையோட வாங்கிட்டு வாங்க."

அப்போதுதான் உறைத்தது. எங்கள் கடையில் அதுவரை சான்று கேட்டவர்கள் எல்லோருமே வேறு வேலைக்குப் போனவர்கள்தான். வேட்டி கொடுத்து அனுப்புவது அவர் வழக்கம். கேட்க வேண்டியதைக் கேட்காத அவர் மேலும், சொல்ல வேண்டியதைச் சொல்லாத என் மேலும் கோபம் பொங்க, திரும்ப மலையேறினேன்.

என் இடத்தில் அவரே உட்கார்ந்து மிளகு நிறுத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களா தம்பி?"

"நான் எங்கயும் போகலீங்க! ஓடு போடப் பாங்கியில கடன் கேட்டிருக்கேன். அதுக்குத்தானுங்க சான்று!"

 அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, செகரட்டரி சொன்னபடியே வேறு சான்று எழுதி முத்திரை குத்தினார். புகழ்ச்சி ஒரு சொல்கூட இல்லை. அந்தக் காகிதத்துக்குத்தான் கடன் கிடைத்தது. மழைக்கு முன்பே ஓடு போட்டோம், மனைவியும் பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது சான்று வாங்கிய அன்றே வேட்டியைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தேன். அவர் வாங்கவில்லை.

"அதைக் கட்டிக்கிட்டே வேலைக்கு வாங்க. இனிமே எதுக்குன்னு சொல்லிட்டுக் கேளுங்க கண்ணு. நீங்க போனதுல இருந்து எனக்குச் சோறு எறங்கல."