நான்காம் அத்தியாயத்தின் அடிக்குறிப்புகள்

ஆங்கிலம் எனக்கு நன்றாக வரும் என்று ஹட்டனில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நம்பித்தான் எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர மாஸ்டர் தம் ஆராய்ச்சிக் கட்டுரையின் நான்காம் அத்தியாயத்தை என் மேசையில் கொண்டுவந்து வைத்தார். மாஸ்டர் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து படித்து மேலே வந்தவர். அத்தியாயமும் அதே தோட்டத்தைப் பற்றியதுதான். பிரசவித்த பெண்கள் எத்தனை சீக்கிரம் மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பப்படுகிறார்கள், அவர்களுடைய கைக்குழந்தைகள் என்ன ஆகின்றன என்பது விஷயம்.

“பேராசிரியர் திருப்பி அனுப்பிட்டாருங்க டீச்சர். வாக்கியமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டலையாம். பாத்துக் குடுத்தீங்கன்னா புண்ணியமா போகும்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான். என் வகுப்புக் கட்டுரைகளே மலைபோலக் கிடந்தன. ஆனாலும் பள்ளி விட்டதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

பேராசிரியர் சொன்னது சரிதான். மனுஷர் தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். பத்திக்குப் பத்தி ‘மேலும்’ என்று தொடங்கும். ஆனால் மேலே சொன்னதற்கும் கீழே வருவதற்கும் சம்பந்தமே இருக்காது. வேலைநேரத்தில் குழந்தைகளை விடும் பிள்ளை மடுவத்தில் தொட்டில் போதாது என்று பேசிக்கொண்டிருப்பார், அடுத்த வரியில் சம்பளத்துக்குத் தாவிவிடுவார். ‘இது’ என்பார்; எது என்று நாம்தான் தேட வேண்டும். சம்பளப் பத்தியைப் பின்னால் தள்ளினேன். முந்திய வாக்கியம் முடிந்த விஷயத்திலிருந்தே அடுத்த வாக்கியம் தொடங்கும்படி மாற்றினேன். ‘இது’ வந்த இடங்களில் எல்லாம் பொருளின் பெயரையே போட்டேன். அநேக ‘மேலும்’கள் அவசியமில்லாமல் தானாகவே உதிர்ந்தன.

அடுத்த வில்லங்கம், எதை எவ்வளவு உறுதியாகச் சொல்வது என்பது. பேசிய தாய்மார் சிலரே. ஆனால் அவரோ ‘எல்லாத் தாய்மாரும் சந்தேகமின்றி’ என்று அடித்து எழுதியிருந்தார். தோட்டத்துப் பிறப்புப் பதிவிலேயே கறுப்பு மையில் உள்ள விஷயத்துக்கோ ‘ஒருவேளை இருக்கக்கூடுமோ என்னவோ’ என்று பம்மியிருந்தார்.

“தலைகீழா எழுதியிருக்கீங்களே மாஸ்டர்! பதிவுல இருக்கிறத நேரா சொல்லுங்க. நாலு பேர் வாயால கேட்டதுக்குத்தான் ‘இருக்கலாம்’னு இங்கிலீஷ் ‘மே’ போடணும், ‘சில இடங்களில்’ போடணும்” என்றேன். வேலை எந்தளவில் என்று எட்டிப் பார்க்க வந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

அடிக்குறிப்புகள்தான் மிச்சம். ஒரு நூலுக்கு ஆண்டு முன்னால், இன்னொன்றுக்குப் பின்னால். ஓரிடத்தில் அடைப்புக்குள், ஓரிடத்தில் பக்கத்தின் அடியில். எல்லாவற்றையும் அடிக்குறிப்பாக்கி, முதல் தடவை முழு விவரம், அடுத்த தடவை சுருக்கம் என்று ஒரே முறைக்குக் கொண்டுவந்தேன். பேட்டிகளும் அப்படித்தான் தாறுமாறாகக் கிடந்தன. ஓரிடத்தில் ‘ஒரு தாய்’, ஓரிடத்தில் ‘கொழுந்தெடுக்கும் பெண்’, அநேக இடங்களில் ஓர் எண். எண்ணே ஒழுங்காக இருக்கிறதென்று எல்லாவற்றையும் எண்ணாக்கத் தொடங்கினேன்.

இரண்டு மூன்றை மாற்றியிருப்பேன். கை நின்றுவிட்டது. ஆராய்ச்சிக்காரர்கள் இடுவது ஒன்று, இரண்டு, மூன்று. இவை அப்படி இல்லை. பெரிய பெரிய எண்கள். நடுவில் விட்டு விட்டு வந்தன. என் அண்ணன் உடப்புசல்லாவையில் தோட்ட ஆபீஸ் கிளாக்கர். இந்த மாதிரி எண்களை எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் நான் நிறையக் கேட்டிருக்கிறேன்.

மறுநாள் மாஸ்டரைப் பிடித்தேன். “இது என்ன நம்பர்?”

“அவங்கவங்க பேர் நம்பர்தான். தோட்டத்து ஆபீஸ் செக்ரோல்ல, பேர்ப் பதிவுல உள்ளது. பேரு தெரியக் கூடாதுன்னுதான் நம்பரா போட்டேன்.”

“ஐயோ, உங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா? காலைல வேலைக்குப் பிரிக்கிற பெரட்டுல அவங்கள கூப்பிடறதே அந்த நம்பர வச்சுத்தானே! கிளாக்கர் செக்ரோல விரிச்சா அடுத்த நிமிஷம் பேரு வந்துருமே!”

“பல்கலைக்கழகத்துல செக்ரோலு யாருக்குத் தெரியும் டீச்சர்?”

“அங்க தெரியாது. தோட்டத்துக்கு இது போகுமா?”

“போகும் டீச்சர்” என்றார். பேட்டி எடுக்க அனுமதி கேட்டபோது, எழுதியதன் ஒரு பிரதி தனக்கு வர வேண்டும் என்று தோட்டத்தை நடத்தும் துரை நிபந்தனை போட்டிருந்தாராம். வரும் வாரம் கொடுக்க வேண்டுமாம். இதை ஏன் என்னிடம் முன்னமே சொல்லவில்லை என்று கத்தினேன். பக்கத்து வகுப்பில் சத்தம் அடங்கிவிட்டது. பயத்தில் எனக்குக் கோபம்தான் முதலில் வரும்.

மேட்டு லயத்துத் தாய் ஒருத்தி சொன்னதுதான் அத்தியாயத்தின் முதுகெலும்பு. இரட்டைக் குழந்தைகள். இரண்டுக்கும் காய்ச்சல் என்று லீவு கேட்டிருக்கிறாள், கங்காணி கொடுக்கவில்லை. கொழுந்துக் கூடையோடு திரும்பி வந்தபோது ஒன்று போயிருந்தது, மற்றது அடுத்த வாரம். அவளைத் துரை கண்டுபிடித்தால் அவள் குடும்பம் முழுக்க வேலைநீக்கப் பத்துச்சீட்டோடு ரோட்டில் நிற்கும். வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போய்விடும். பிரஜாவுரிமை இல்லாத ஜனம், போவதற்கு வேறு இடம் ஏது?

நம்பர்களை எல்லாம் அடித்துவிட்டு, ‘பேட்டி அ’, ‘பேட்டி ஆ’ என்று எல்லா இடத்திலும் ஒரே மாதிரி போட்டேன். அப்படியும் என் நெஞ்சு ஆறவில்லை. இரட்டைக் குழந்தைகளைப் பறிகொடுத்தவள் அந்த லயத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? எழுத்தென்ன, எண்ணென்ன, அந்தக் கதையே அவள் பேர்தான்.

“அதையும் எடுத்திடணும் மாஸ்டர்.”

“எடுத்தா அத்தியாயமே நொண்டி டீச்சர். அத விட்டா ஆதாரமே இல்ல.”

“அப்ப முடிவுரைல ‘இதனால்தான்’னு நிக்க முடியாது. ‘இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்’தான்.”

அவர் திரும்பிக்கொண்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “அது எங்க அக்கா, டீச்சர்” என்றார்.

அந்தப் பத்தியின் மேல் என் பென்சிலால் கோடு போட்டு, முடிவுரையில் ஒரு ‘மே’ சேர்த்தேன். அவர் தடுக்கவில்லை. முந்திய நாள் நான் போட்ட ‘மே’ நியாயத்துக்காகப் போட்டது. இந்த ‘மே’ பயத்துக்காக. பக்கத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

தட்டச்சு செய்த பிரதி துரை பங்களாவுக்குப் போனது. துரையிடமிருந்து ஆள் வந்து மாஸ்டரை வரச் சொன்னான் என்று காலையில் கேள்விப்பட்டேன். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே தெரியாது. பழைய நம்பர் ஏதாவது ஓர் அடிக்குறிப்பில் தப்பி நிற்கிறதோ என்று என் பிரதியைப் பக்கம் பக்கமாகத் துழாவினேன். ஒன்றுமில்லை. திரும்பவும் முதலிலிருந்து துழாவினேன்.

சாயங்காலம் மாஸ்டர் நனைந்துகொண்டே வந்தார்.

“என்ன ஆச்சு? சொல்லித் தொலைங்களேன்!”

“டீ குடுத்தாரு டீச்சர். உக்காரச் சொன்னாரு. ‘ரொம்பக் கவனமா எழுதியிருக்கே, இதுல எதுவுமே நிச்சயமில்லையே’ன்னு சிரிச்சாரு. அச்சாக்கலாம்னாரு.”

அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். அவர் மட்டும் உட்காராமல் நின்றார். குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“இறங்கி வரும்போது அக்கா லயத்துக்குப் போனேன். ‘என் புள்ளைங்கள பத்தி எழுதிட்டியாடா தம்பி’ன்னு கேட்டுச்சு.”

“என்ன சொன்னீங்க?”

“எழுதிட்டேன்னு சொன்னேன். எந்தப் பக்கம்னு காட்டச் சொல்லிச்சு. படிக்கத் தெரியாதுல்ல, ஏதோ ஒரு பக்கத்தைக் காட்டினேன். அதுமேல கைய வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்துச்சு டீச்சர்.”