பதினொரு கிலோ கொழுந்து

என் தங்கை ஞானசெல்வி வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசைவீட்டு லயத்திலிருந்து உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்த முதல் ஆள் அவள். சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தினாள். சொந்தக் கம்ப்யூட்டர் இல்லாமலே அவள் செய்த பயிற்சித்தாள்கள் 2009 முடிவதற்குள் அறுபத்திரண்டு வகுப்பறைகளுக்குப் போயின. நான் எட்டாம் வகுப்போடு நின்று கொழுந்து பறிக்கப் போனவள். எண்ணிக்கையில் பிழை விடமாட்டேன்.

றக்வானையில் ஸஹாப்தீன் நானாவின், கம்ப்யூட்டரும் அச்சும் உள்ள கொமியூனிகேஷன் கடையில்தான் அவள் வேலை நடந்தது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கான கணக்கு, கட்டுரை, பாட அட்டவணை எல்லாம் சேர்ந்த நாற்பது பக்கக் கட்டு அது. ஒரு முறை செய்து வைத்தால் போதும். இணையப் பக்கத்தில் மாதிரிக்கு இரண்டு பக்கம் போட்டிருந்தாள். வாங்கும் ஆசிரியர் தன் ஊர் வங்கியில் காசு போட்டு, ரசீது இலக்கத்தைக் கைபேசியில் அனுப்புவார். இவள் கட்டை மின்னஞ்சலில் அனுப்புவாள். அவர் தன் ஊர்க் கடையில் அச்செடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுப்பார். முதலில் அனுப்பியதைத் திறந்தவருக்கு எழுத்தெல்லாம் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிந்தது. தமிழ் எழுத்துரு அவர் கம்ப்யூட்டரில் இல்லை. பிறகு எழுத்துருவையும் உள்ளே சேர்த்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பப் பழகினாள்.

தாளில் தன் பெயரை மட்டும் போடவில்லை. இணையப் பக்கத்திலும் 'மலைப்பாடம்' என்றுதான் இருந்தது.

2008 ஜூலையில் பலாங்கொடைப் பக்கத்து அழகமுத்து சேர், தம் வட்டத்து ஆசிரியர்கள் பன்னிரண்டு பேருக்குமாகக் கட்டு கேட்டிருந்தார். அந்தக் காசு கிடைத்தால் அவள் பள்ளிக்கூடத்தில் தொடரலாம். இல்லையென்றால் கொழும்பில் சித்தப்பா மகள் பார்த்து வைத்த கார்மென்ட் வேலைதான்.

பத்தாந்தேதி சேர் கைபேசியில் கூப்பிட்டார்.

"ஏம்மா, இதே கட்ட இங்க கடையில ஒரு பக்கம் அஞ்சு ரூபான்னு விக்கிறாங்க. யாரோ செஞ்சத எடுத்து எங்களுக்கு விக்கிறீங்களா?"

"நான் செஞ்சதுங்க சேர்."

"பேரு எங்க? கடையில உள்ளதுலயும் இல்ல, உங்களதுலயும் இல்ல. எங்களுக்கு வேணாம், விடுங்க."

ஸஹாப்தீன் நானாவிடம் சொன்னதும் அவருக்கு விளங்கிவிட்டது. "அச்செடுக்கப் போன டீச்சர் யாரோ கடைக் கம்ப்யூட்டர்லயே ஃபைல விட்டுட்டுப் போயிருக்காங்க புள்ள. நான்னா வேல முடிஞ்சதும் அழிச்சிருவன். எல்லாக் கடையும் ஸஹாப்தீன் கடையா?"

அன்று வீட்டில் அவள் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது நானும் எட்டிப் பார்த்தேன். ஒன்பதாம் பக்கக் கணக்கு: 'ஒருவர் ஆறு நாளில் பறித்த கொழுந்து 17, 21, 14, 19, 23, 11 கிலோ. மொத்தம் எவ்வளவு?'

"அடியே, இது என் நிறுவைதானே?"

"ஆமாக்கா. ஒங்க கொப்பியில இருந்துதான் எடுத்தேன். எனக்கு எங்க போயி எண்ணு கெடைக்கும்?"

நிறுவையில் குறைத்துப் போட்டுவிடுவார்கள் என்று அன்றன்றைய கிலோவை ஒரு கொப்பியில் எழுதி, கங்காணியிடம் கையெழுத்தும் வாங்குவது என் வழக்கம். அதற்காக லயத்தில் என்னைக் கேலி செய்யாத ஆளில்லை.

சனிக்கிழமை பெல்மதுளையில் பஸ் மாறி, பலாங்கொடையில் சேர் நடத்தும் வகுப்புக்குப் போனோம். கொப்பியை விரித்து வைத்தேன். மார்ச் 3 முதல் 8 வரை, அதே ஆறு எண்கள், அதே வரிசை. சேர் விரலை ஓட்டிப் பார்த்தார்.

"கடைசி நாள் ஏன் பதினொண்ணு?"

"பெருவிரல் வெட்டிக்கிட்டேன் சேர். கட்டு போட்டுட்டுப் போனேன்." தழும்பைக் காட்டினேன்.

அவர் சிரித்துவிட்டார். "எங்க பிள்ளைங்களுக்கு மொத்தம் நூத்தியஞ்சு வரும்னு தெரியும். வெரல் வெட்டுன கத தெரியாது." பிறகு தங்கையைப் பார்த்தார். "இவ்வளவும் செஞ்சிட்டுப் பேர மட்டும் ஏன் மறைச்சீங்க?"

"தொண்டர் டீச்சர், லயத்துப் புள்ளன்னு தெரிஞ்சா யாரு சேர் வாங்குவா?"

"பேரில்லாத தாள எவனும் தன்னதும்பான். ஒவ்வொரு பக்கத்துலயும் பேரு வரணும். அப்படின்னா பன்னெண்டு பேரும் வாங்குறோம். இல்லன்னா இல்ல."

திரும்பும் பஸ்ஸில் அவள் கட்டின் அடி ஓரங்களை விரலால் அளந்துகொண்டே வந்தாள். பெல்மதுளை தாண்டியதும் நான் சொன்னேன்: "வாங்குறவங்க பள்ளிக்கூடத்துப் பேரையும் அடியில போட்டிரு. எந்தக் கட்டு எங்கயிருந்து வெளிய போச்சுன்னு தெரியும்ல?" தலையாட்டினாள்.

அடுத்த வேலைநாளில் ஸஹாப்தீன் நானா ஒரு வெள்ளைத்தாளை நீட்டினார். மூன்று தடவை எழுதிப் பார்த்து, நான்காவதை ஸ்கேன் செய்யக் கொடுத்தாள். நாற்பது பக்கத்தின் அடியிலும் அது ஏறியது. அதற்குக் கீழே, பன்னிரண்டு கட்டுக்கும் பன்னிரண்டு பள்ளிக்கூடத்தின் பெயர். ஞா. செல்வி என்று சுருக்காமல், ஞானசெல்வி என்று முழுப்பெயரையும் எழுதி என் தங்கை முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள் 2008 ஜூலை 14, திங்கட்கிழமை.