எட்டு வரிக்குள் ஒரு சேகண்டி

ஜொகூர் கப்பல் தளத்தில் உங்காட் பற்றவைத்த தகட்டில் தண்ணீர் கசிந்ததாக எந்தக் கடலிலிருந்தும் புகார் வந்ததில்லை. கடலுக்கு அப்பால் சரவாக்கில், பல குடும்பங்கள் ஒரே கூரையின்கீழ் வாழும் கத்திபாஸ் ஆற்றங்கரை நீள்வீடு ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்போடு கிளம்பி வந்து ஃபோர்மேன் ஆனவர். அறுவடைத் திருநாளான காவாய்க்கு நிறுவன இதழில் வாழ்த்துக் கவிதை வேண்டும் என்று அலுவலகத்து ஷஸ்வானி கேட்டபோது, வேறு யாரால் முடியும் என்பதுபோல் சிரித்தார்.

ஜொகூரில் காவாய்க்கு விடுமுறை கிடையாது. கவிதையை எழுதியவரே சாப்பாட்டுக்கூடத்தில் வாசிப்பார் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டுத்தான் அவள், உங்காட்டைப் போலவே சரவாக்கிலிருந்து வந்த இபான் இனத்து ஆட்கள் அறுபது பேருக்கும் அரைநாள் ஓய்வு வாங்கியிருந்தாள்.

இயக்குநரின் படத்துக்குப் பக்கத்தில் எட்டு வரிக்குத்தான் இடம். நாலு நாலு வரியாக இரண்டு பந்துன். முதல் இரண்டு வரியில் ஆறும் நெல்லும், அடுத்த இரண்டில் சொல்ல வந்த வாழ்த்து. ஒன்றுவிட்டு ஒன்று ஓசை ஒத்து முடிய வேண்டும். இபான் மொழியில் வாயாலேயே கட்டி முடித்து, மருமகன் முறையான சங்காவை எழுதச் சொன்னார். கடைசி வரியில், நீள்வீட்டில் அரிசிக் கள் காத்திருக்கிறது என்று இருந்தது.

மலாய் மொழிபெயர்ப்பைப் பார்த்த மேலாளர், நிறுவன இதழில் கள் கூடாது என்று அடித்துவிட்டார். அந்தச் சொல் போனால் ஓசை போச்சு. உங்காட் அசரவில்லை. அதே ஓசையில் முடியும்படி, தம் வீட்டுச் சேகண்டி முழங்கிக் காத்திருக்கிறது என்று மாற்றினார். வீட்டின் பெயரையும் பெருமையாகச் சேர்த்தார்.

இதழ் அச்சேறியது. அந்த வாரமே ஊரில் அவர் தம்பி லெம்பா இறந்துபோனான். துக்கம் அவிழ்க்கும்வரை அந்த வீட்டில் சேகண்டியைத் தொடமாட்டார்கள். ஆட்டம் பாட்டு எதுவும் கிடையாது. கப்பலை ஒப்படைக்கும் நேரம் என்று அவருக்கு லீவும் இல்லை.

வரியை எடுக்க முடியுமா என்று ஷஸ்வானியிடம் கேட்டார். எல்லாம் விநியோகித்தாயிற்று என்று கண் கலங்கினாள். அச்சிட்டபடி வாசிக்காவிட்டால் ஓய்வும் ரத்து என்று மேலாளர் சொல்லிவிட்டாராம். தமக்குப் பதிலாக வாசிக்க வேறு ஆற்றங்கரைகளிலிருந்து வந்தவர்களைக் கேட்டுப் பார்த்தார். துக்க வீட்டுச் சேகண்டியை வாயால் கூப்பிட ஒருவனும் தயாரில்லை.

"நீ படிடா, சங்கா."

"என்னை விட்டுடுங்க மாமா. எனக்கும் அதே வீடுதானே? நீங்களும் படிக்காதீங்க. அரைநாள் போனா போகட்டும்."

"உனக்குப் போகட்டும். இந்தப் பசங்க இன்னிக்காவது ஒண்ணா உக்காந்து சாப்பிடணும்னு வருஷம் பூரா காத்திருந்தானுங்கடா."

சாப்பாட்டுக்கூடத்தில் இயக்குநர் மைக்கை நீட்டினார். உங்காட் எழுந்தார். ஏழு வரியும் கணீரென்று வந்தன. எட்டாவதையும் குரல் தழையாமல் சொன்னார். மேசைகள் கைதட்டின. கத்திபாஸ்காரர்கள் இருந்த மேசையில் மட்டும் எல்லோரும் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போனார்கள். சங்காவும் போனான்.

இயக்குநர் அவர் தோளைத் தட்டி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.