தூங்குகிறவளை எழுப்பலாமா?

எங்கள் மெத்தைக் கம்பெனியின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவரைப் ‘பஞ்சு’ என்றுதான் கூப்பிடுவோம். எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர். ஆனால் விளம்பர வரி எழுத உட்கார்ந்தால் வாய் நீளும். அப்படி நீண்டதுதான் இது: ‘பகலில் தூங்குபவர் சோம்பேறி. இரவில் நம் மெத்தையில் தூங்குபவர் புத்திசாலி.’

நாங்களும் சிரித்துக்கொண்டே ஒப்புதல் கொடுத்தோம். மறுநாள் காலை வந்து பார்த்தால் ஊரே திட்டுகிறது. ஒரு நர்ஸ் எழுதியிருந்தார்: ‘ராத்திரி முழுக்க வார்டில் நின்றுவிட்டு இப்போதுதான் படுக்கப் போகும் சோம்பேறி நான்.’ அதைக் காவலாளிகளும் லாரி ஓட்டுநர்களும் ஆயிரக்கணக்கில் பகிர்ந்திருந்தார்கள்.

நெருக்கடி வந்தால் என்ன செய்வது என்ற திட்டத்தை எழுதியவரும் பஞ்சுதான். அதன்படி, வெளியிட வரிசையில் இருந்த மற்ற பதிவுகளை நிறுத்தினார். திட்டிய கருத்துகளில் ஒன்றைக்கூட அழிக்கவில்லை. ‘தவறு எங்களுடையது, விரைவில் விரிவாகப் பேசுகிறோம்’ என்று முதல் பதிலைப் போட்டார். அடுத்தது, முழு மன்னிப்பை வெளியிடும் முன் முதலில் புண்பட்டவரிடம், அதாவது அந்த நர்ஸிடம், நேரடியாகப் பேச வேண்டும். அங்கே மனிதர் கல்லாகிவிட்டார்.

“என்னப்பா, நம்பர் கிடைக்கலையா?” என்றார் மேலாளர்.

“நம்பர் இருக்கு சார். அது என் சம்சாரம்.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“அப்போ நல்லதாப் போச்சு. உடனே பேசு. நம்ம மெத்தைய விக்கிற கடைக்காரங்க என்னைப் பிடுங்கி எடுக்குறாங்க. சாயங்காலத்துக்குள்ள மன்னிப்பு போகலன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல.”

“தூங்குறா சார்.”

“எழுப்பு!”

“எழுப்பி என்னன்னு சொல்றது? உன் தூக்கத்தக் கேலி பண்ணிட்டோம், மன்னிச்சுக்கோன்னா?”

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் இருந்த கம்பெனி வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். படித்தவர்கள் நான்கு பேர், ஒருத்தி விழிப்பதற்காகக் காத்துக்கிடந்தோம். நான்கு டீ ஆறியது.

பஞ்சுவின் குழப்பம் வேறு. எழுதியது புருஷன்தான் என்று அவளுக்குத் தெரியுமா? தெரியாமல் எழுதினாளா? கேட்டுக் கேட்டு என் உயிரை வாங்கினார்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். சுற்றி ஆட்கள் இருப்பதைச் சொல்லிவிட்டு, பஞ்சு ஸ்பீக்கரில் போட்டார்.

“எங்க கம்பெனி சார்பா...” என்று ஆரம்பித்தார்.

“பேசுறது கம்பெனியா, நீங்களா?”

பஞ்சு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “அத எழுதினது நான்தான்மா. தப்புதான்.”

“தெரியும். நான் தூங்குறப்ப டிவிய மெதுவா வையுங்கன்னு வீட்ல எத்தனை தடவ சொல்லியிருப்பேன்! காதுல விழுந்துச்சா? அங்க எழுதினேன். ஒரே நாள்ல ஆபீஸே உட்கார்ந்து கேக்குது.”

போனை வைத்துவிட்டாள்.

“மன்னிச்சுட்டாங்களா?” என்று மேலாளர் பதறினார்.

“தெரியல சார்” என்றார் பஞ்சு. “வீட்டுக்குப் போனாத்தான் தெரியும்.”