வினாடிக்கு ஒரு லிட்டர்

தன்னை ஒருவரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்பதே தனகோட்டியின் பெரிய கவலை. காலனியிலிருந்து சிவில் டிப்ளமா முடித்த முதல் ஆள். டீக்கடை பெஞ்சில்கூட யாரும் குறை சொல்ல முடியாதபடி உட்காருவான், பாவம். செஞ்சி பஜாரில் தனியாக டிசைன் வேலை எடுத்துச் செய்த ரங்கநாதனிடம் வேலை பார்த்தான். எண்பத்தெட்டில் டவுனுக்குப் புதுக் குடிநீர்க் குழாய் போடும் டிசைன் அந்த அலுவலகத்துக்கு வந்தது. கூடவே ஒரு கம்ப்யூட்டரும் வந்தது.

அவன் அம்மா மீனம்பாள் காலனியின் மேட்டுத் தெருவிலிருந்து வயல் கிணறு வரை நடந்து தண்ணீர் சுமப்பவள். இடுப்பு எப்போதோ போய்விட்டது.

"நம்ம தெருவுக்கு கொழா வருமாடா?"

"வரும்மா. நம்ம வாசல் எதிர்லயே வரும்."

அதற்காகத்தான் அத்தனை பாடும் பட்டான். தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய்கள் தெருக்களைச் சுற்றி வந்து ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டு வளையங்களாகும். எந்தக் குழாயில் எவ்வளவு ஓடும் என்று நேராகக் கணக்குப் போட வழியில்லை. முதலில் ஒரு குத்துமதிப்பு. ஒவ்வொரு சந்திப்பிலும் வருவதும், போவதும், அந்தத் தெரு எடுப்பதும் சரியாக இருக்கும்படி ஓட்டத்தைப் போட வேண்டும். வளையத்தில் வலச்சுற்றாக ஓடுவது கூட்டல், இடச்சுற்றாக ஓடுவது கழித்தல். குழாய்க்குக் குழாய் உராய்வால் வரும் அழுத்த இழப்பைக் கண்டு வளையத்தைச் சுற்றிக் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராது. எவ்வளவு மிஞ்சுகிறதோ அதற்கேற்ற திருத்தத்தை வளையம் முழுக்கப் போட வேண்டும். இரண்டு வளையத்துக்கும் பொதுவான குழாய்க்கு இரண்டு திருத்தமும் உண்டு. மறுபடி கூட்டல், மறுபடி திருத்தம். முன்பெல்லாம் காகிதம் காகிதமாகத் தீர்ந்த வேலை அது. இப்போது ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு சுற்றின் வரிசைகளை அப்படியே கீழே நகல் எடுத்தால் போதும், திருத்தம் சுற்றுக்குச் சுற்று சிறுத்துக்கொண்டே போகும். தனகோட்டி அதைப் பார்த்துச் சொக்கிப்போனான்.

காலனிக்கு வினாடிக்கு இரண்டு லிட்டர் என்று போட்டிருந்தான். ஆட்களை எண்ணிப் போட்ட நியாயமான கணக்கு. அந்தச் சமயம் பார்த்துப் பேரூராட்சி உறுப்பினர் ஜெயராமன் மிஷினை வேடிக்கை பார்க்க வந்தார்.

"இன்னா தனகோட்டி, மிஷினு உன் கையில இருக்குது. தண்ணி பூரா காலனி பக்கம் திரும்பிக்கப் போவுது!"

ரங்கநாதனும் சிரித்தார். விளையாட்டுப் பேச்சுதான். அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. ஜெயராமன் படியிறங்கியதும் இரண்டை ஒன்றாக்கினான். தெருக்குழாயில் பிடிப்பவர்களுக்கு இது போதும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். ஓட்டம் பாதியானதால் காலனிக்குப் போகும் மூன்றங்குலக் குழாய்களையும் இரண்டங்குலமாக்கினான். ஐந்தாவது சுற்றில் இரண்டு வளையமும் பூஜ்யத்துக்கு வந்துவிட்டன. அவை வரத்தான் செய்யும். திருத்தம் வளையத்துக்குள் ஓடுவதைத்தான் மாற்றும். சந்திப்பில் ஒரு தெரு எடுப்பதாகக் கொடுத்த எண்ணை அது தொடவே தொடாது. கொடுத்தது பொய் என்றால் பொய்யும் அழகாகச் சமன் ஆகும்.

தண்ணீர் விட்ட அன்று மேட்டுத் தெருக் குழாயை மீனம்பாள்தான் திறந்தாள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அவள் மகனைப் பார்த்துச் சிரித்தாள். காலனியின் கீழ்த்தெருக்காரர்களும் குடத்தோடு வந்து தங்கள் குழாய்களைத் திறந்தார்கள். மேட்டில் நூலாக இளைத்தது, அப்புறம் நின்றேபோனது. அவள் குடத்தில் கால்வாசிகூட இல்லை. மறுநாளும் அதே கதை.

தனகோட்டி அலுவலகத்துக்கு ஓடினான். காலனிக்கு இரண்டு என்று மாற்றினான். தொட்டியிலிருந்து காலனி வரை ஒரு வழியில் குழாய்தோறும் ஒரு லிட்டர் கூட்டி, சந்திப்புகளைச் சரிசெய்து மறுபடி சுற்றவிட்டான். அந்த இரண்டங்குலக் குழாய்களில் ஓட்டம் இரண்டு மடங்கானதும் இழப்பு மூன்றரை மடங்குக்கும் மேல் ஏறியது. மேட்டுத் தெருவில் அழுத்தம் கழித்தலில் வந்து நின்றது, அங்கே தண்ணீர் ஏறவே ஏறாது.

"சார், காலனிக்கு நான் கொறச்சிப் போட்டுட்டேன்."

ரங்கநாதன் திரையையும் அவன் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "பொதைச்சி மூடியாச்சேப்பா. இனிமே வேற திட்டம் வந்தாத்தான்."

எல்லோருக்கும் நியாயமாக அளந்துவிட்டுப் பெற்றவளுக்கு மட்டும் பாதியாக அளந்தான். வீட்டில் அம்மாவிடம் அதைச் சொல்லவேயில்லை.

ஒருநாள் காலையில் வேலைக்குப் போகும்போது பஜார் குழாயடி வரிசையில் அம்மா நிற்பதைக் கண்டான். கிணற்றுக்குப் பதிலாக இப்போது இவ்வளவு தூரம். முன்னால் நின்ற ரோஷன் பீயிடம் அவள் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இந்தத் தண்ணி பூரா எம்புள்ள போட்ட கணக்கு, தெரியுமா?"

"அப்போ உங்க தெருவுல ஏன் வர்ல?"

"எங்க தெரு மேடும்மா. அதுக்கு அவன் இன்னா பண்ணுவான், பாவம்."

அவன் சைக்கிளைத் திருப்பி அடுத்த தெரு வழியாகப் போனான்.